ரிப்போர்ட்டில் ஆர்க்யூடி 28, பெட்டியில் கிடக்கும் கோர் சொல்வது வேறு. சாக்கெட் எவ்வளவு?

சாக்கெட்_சந்தேகி · 4 மார்ச், இரவு 9:40

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பாலம். 1000 மி.மீ. பைல், எம்35 கான்கிரீட், ஒரு பைலுக்கு வேலைச் சுமை 4500 கிலோநியூட்டன். மேலே 10.5 மீட்டர் மண்ணும் உதிர்ந்த பாறையும், அதற்குக் கீழே நைஸ். போர்லாகில் 10.5 முதல் 12.0 வரையிலான ரன்னுக்குக் கோர் ரெகவரி 82, நீளத் துண்டுகளை மட்டும் எண்ணும் ஆர்க்யூடி 28. லேபுக்குப் போன மூன்று துண்டுகளின் நசுக்கு வலிமை, அதாவது யூசிஎஸ், 22, 38, 61 மெகாபாஸ்கல், சராசரி 40.

வரைபடத்தில் சாக்கெட், அதாவது பைல் பாறைக்குள் இறங்கும் நீளம், 1.5 மீட்டர். ஆலோசகர் தரப்பில் ஒருவர் “ஆர்க்யூடி 28 என்றால் மோசமான பாறை, 3 மீட்டர் போ” என்கிறார். கான்ட்ராக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், ஏனென்றால் இந்தப் பாறையில் ஒரு மீட்டருக்கே ஒரு நாள் போகிறது. என் கேள்வி இதுதான்: ஆர்க்யூடி குறைந்தால் சாக்கெட் நீள வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மண்ணியல்_மாணவன் · 4 மார்ச், இரவு 10:15

எளிய விஷயம். ஆர்க்யூடி 25 முதல் 50 வரை ‘மோசம்’ என்ற வகுப்பு. விரிசல் நிறைந்த பாறை சுவரிலும் பிடிக்காது, அடியிலும் தாங்காது. உராய்வைப் பாதியாக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள், 3 மீட்டர் தானாக வரும்.

வீடு_கட்டுகிறேன் · 4 மார்ச், இரவு 10:52

எங்கள் மனையில் போர்வெல் போட்டபோது 40 அடியில் பாறை வந்தது. இரண்டு மாடி வீட்டுக்கு நானும் பைல் போட்டு 40 அடிக்கு இறக்க வேண்டுமா? மேஸ்திரி வேண்டாம் என்கிறார்.

ரிக்கண்ணன் · 5 மார்ச், காலை 6:05

வீடு கட்டுபவரே, மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள். 40 அடியில் பாறை இருப்பதற்கும் உங்கள் அஸ்திவாரத்துக்கும் சம்பந்தமில்லை. மேலே 5 அடியில் என்ன மண் என்று பாருங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: அந்த 28 எந்த பேரலில் எடுத்தது? சிங்கிள் டியூபா டபுள் டியூபா? சிங்கிள் டியூபில் தண்ணீர் கோர் மேலேயே ஓடும், குழாய் சுற்றும்போது கோரும் சேர்ந்து சுற்றும், துண்டுக்குத் துண்டு அரைபடும். வெளியே வரும்போது ஜல்லிதான். அது பாறையின் லட்சணமா டிரில்லரின் லட்சணமா?

கோர்பெட்டி · 5 மார்ச், காலை 8:30

ரிக்கண்ணன் கேட்டது சரியான கேள்வி. அதோடு இன்னொன்று: அந்த 28-ஐ அளந்தது யார், எப்போது? சைட்டில் பேரலிலிருந்து எடுத்த உடனேயா, பெட்டியை டெம்போவில் ஏற்றி லேபில் இறக்கிய பிறகா? நான் பார்த்த பாதி ரிப்போர்ட்டுகளில் ஆர்க்யூடி டெம்போவின் ஸ்பிரிங்கைத்தான் அளந்திருக்கிறது.

பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளைக் கூட்டி ரன் நீளத்தால் வகுக்கிறோம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோண்டும்போதோ எடுத்து வைக்கும்போதோ உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒரே துண்டாக எண்ண வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். புது உடைப்பு பளிச்சென்று சொரசொரப்பாக இருக்கும், இரண்டு முகமும் அச்சாகப் பொருந்தும். இயற்கையான விரிசலில் துருக்கறை இருக்கும், இல்லையென்றால் களிமண் பூச்சோ பச்சைப் படலமோ. சந்தேகம் வந்தால் இயற்கை விரிசல் என்றே எண்ணுங்கள். நீளத்தைக் கோரின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். சாய்ந்த விரிசலின் நீண்ட ஓரத்தை அளந்து மார்க் ஏற்றக் கூடாது.

பெட்டியைப் போய்ப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

மண்ணியல்_மாணவனுக்கு: உராய்வைக் குறைப்பது பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. மாலை எழுதுகிறேன்.

சாக்கெட்_சந்தேகி · 6 மார்ச், மாலை 7:20

இன்று கோர் ஷெட்டுக்குப் போனேன். டபுள் டியூப்தான், நல்லவேளை. 1.5 மீட்டர் ரன்னில் பெட்டியில் இருப்பது 123 செ.மீ., அதனால் ரெகவரி 82 சரி. பத்துக்கு மேல் அவர்கள் எண்ணியவை மூன்றே துண்டு: 17, 14, 11. கூட்டினால் 42, வகுத்தால் 28.

ஆனால் 17 செ.மீ. துண்டின் கீழே ஒரு 6 செ.மீ. துண்டு அப்படியே பொருந்துகிறது, முகம் பளபளவென்று புதிது. அதேபோல் 8-ம் 9-ம் ஒரு ஜோடி, 9-ம் 9-ம் இன்னொரு ஜோடி. இந்த மூன்று இடத்திலும் கறையே இல்லை. சேர்த்தால் 83 செ.மீ., அதாவது ஆர்க்யூடி 55. ஒரே பெட்டி, ஒரே பாறை. ‘மோசம்’ வகுப்பிலிருந்து ‘பரவாயில்லை’ வகுப்புக்கு ஏற்றிவிட்டேன், ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நாளை கணக்கோடு போகிறேன்.

சாக்கெட்_சந்தேகி · 6 மார்ச், இரவு 11:45

மேலே எழுதியதை அழிக்க மனமில்லை, ஆனால் ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை. கணக்குப் போட்டபோது சிரிப்புதான் வந்தது.

பாலம் என்பதால் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல் ஐஆர்சி 78-இன் 2014 பதிப்பு, பின்னிணைப்பு 5, முதல் முறை. இதுதான் அது:

```
Qallow = (Ksp * qc * df * Ab) / 3 + (As * Cus) / 6
Cus = 0.225 * sqrt(qc)
df = 1 + 0.4 * (L/D), max 1.2
```

qc என்பது யூசிஎஸ், Ab அடிப் பரப்பு, As சாக்கெட்டின் சுவர்ப் பரப்பு, Cus சுவர் உராய்வு, L சாக்கெட் நீளம், D விட்டம். Ksp ரெகவரி, ஆர்க்யூடி இரண்டின் சராசரியைப் பொறுத்தது. சராசரி 30 என்றால் 0.3, 100 என்றால் 1.2, நடுவில் நேர்கோடு. ஆர்க்யூடி 28-க்குச் சராசரி 55, Ksp 0.62. ஆர்க்யூடி 55-க்குச் சராசரி 68.5, Ksp 0.80.

யூசிஎஸ் 40, df 1.2 வைத்தால் அடித்தளத் தாங்குதிறன் மூன்றால் வகுத்த பிறகும் ஒரு கணக்கில் 9.9 மெகாபாஸ்கல், இன்னொன்றில் 12.7. ஆனால் அதே பின்னிணைப்பு அனுமதிக்கும் அடி அழுத்தத்தை 5 மெகாபாஸ்கலில் நிறுத்திவிடுகிறது! இரண்டுக்கும் ஒரே விடை: 3927 கிலோநியூட்டன்.

உராய்வில் ஆர்க்யூடி வரவே இல்லை. 0.225 பெருக்கல் 40-இன் வர்க்கமூலம் 1.42, ஆறால் வகுத்தால் 0.237 மெகாபாஸ்கல். மேல் 30 செ.மீ. கணக்கில் சேராது, மிச்சம் 1.2 மீட்டர். அதற்கு 894 கிலோநியூட்டன். மொத்தம் 4821, தேவை 4500.

சரி, சராசரி வேண்டாம், இருப்பதிலேயே குறைந்த 22-ஐ எடுத்தால்? ஆர்க்யூடி 28-ஓடு சேர்த்தும் அடி 5.46 வருகிறது, மறுபடி 5-இல் நிற்கிறது. உராய்வு 663. மொத்தம் 4590. அப்போதும் தேறுகிறது.

மூன்று நாளாக எந்த எண்ணுக்காகச் சண்டை போட்டோமோ அது விடையைத் தொடவே இல்லை.

கோர்பெட்டி · 7 மார்ச், காலை 7:50

நல்ல கணக்கு. இதை அப்படியே எல்லாப் பாறைக்கும் எடுத்துப் போய்விடாதீர்கள். இதே பெட்டியில் யூசிஎஸ் 12 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆர்க்யூடி 28 என்றால் அடி அழுத்தம் 3 மெகாபாஸ்கல் பக்கம், 55 என்றால் 3.8. 5-ஐ இரண்டுமே தொடாது. இந்தப் பைலுக்கு அது 650 கிலோநியூட்டன் வித்தியாசம். மென்பாறையில் ஆர்க்யூடி பேசும், கடினப் பாறையில் வரம்பு வந்து அதன் வாயை மூடிவிடும்.

ஆர்க்யூடி நிஜமாக ஆளைக் கவிழ்க்கும் இடம் வேறு. சராசரி 30-க்குக் கீழே போனால் முதல் முறையே செல்லாது, சம்மட்டி அடிகளை எண்ணும் எஸ்பிடி சோதனையிலிருந்து வெட்டு வலிமை எடுக்கும் இரண்டாம் முறைக்குப் போக வேண்டும். ரெகவரி 42, ஆர்க்யூடி 14 என்றால் சராசரி 28, வெளியே. அதே ரன்னில் ஒரு 9.5 செ.மீ. துண்டு 10 செ.மீ. ஆகியிருந்தால் ஆர்க்யூடி கிட்டத்தட்ட 21, சராசரி 31, உள்ளே. அரை சென்டிமீட்டரில் கணக்கு முறையே மாறுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கோரைப் பார்த்து யோசிப்பேன். ஒரு துண்டை நம்பி முடிவெடுக்க மாட்டேன்.

மாணவரின் பாதி சரி என்னவென்றால், அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் 1999 கையேட்டில் ஓ’நீல், ரீஸ் தந்த முறையில் விரிசலுக்காக உராய்வைக் குறைக்கும் குணகம் உண்டு. மூடிய விரிசலாக இருந்தால் ஆர்க்யூடி 50-க்கு 0.6. ஆனால் அங்கே பாதுகாப்புக் குணகம் ஆறு இல்லை. ஐஆர்சியின் ஆறோடு அந்த 0.6-ஐயும் பெருக்கினால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

மண்ணியல்_மாணவன் · 7 மார்ச், காலை 9:10

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூசிஎஸ் சராசரி 40 என்பதே எனக்கு உறுத்துகிறது. லேபுக்கு நீளம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். என்எக்ஸ் கோர் என்றால் 11 செ.மீ. துண்டு. அந்தப் பெட்டியில் அவ்வளவு நீளமாக இருந்ததே மூன்று துண்டு என்கிறீர்கள். அப்படியானால் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மூன்று பேரை மட்டும் கூப்பிட்டுப் பரீட்சை வைத்துச் சராசரி போட்டிருக்கிறீர்கள்.

கோர்பெட்டி · 7 மார்ச், காலை 9:25

இதற்கு முழு மார்க். சின்னத் துண்டுகளுக்குப் பாயின்ட் லோட் சோதனை செய்யச் சொல்லுங்கள். செலவும் குறைவு, சைட்டிலேயே முடியும்.

கொழும்பு_எஞ்சி · 7 மார்ச், பகல் 1:30

நான் கொழும்பில வேலை செய்யிறன். எங்கட பக்கமும் நைஸ்தான், மேலே கொஞ்ச இடத்தில பீட் கிடக்கும், 20 மீட்டருக்கு மேலேயும் பைல் போகும். எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. உங்கட கணக்கில 4821-இல 3927 அடியில இருந்து வருது, நூற்றுக்கு 81 பங்கு. நிஜத்தில பைல் அப்படி வேலை செய்யாது. சுவர் உராய்வு சில மில்லிமீட்டர் இறங்கினதும் முழுசா எழும்பிடும். அடி எழும்ப அதைவிட நிறைய இறங்கவேணும். உங்கட சாக்கெட் உராய்வு பாதுகாப்புக் குணகம் இல்லாமல் எவ்வளவு?

சாக்கெட்_சந்தேகி · 7 மார்ச், பகல் 2:05

ஆறால் வகுக்காமல் என்றால் 5365 கிலோநியூட்டன்.

ஓ.

வேலைச் சுமையே 4500. அப்படியென்றால் பாலம் கட்டி முடித்து வண்டி ஓடினாலும் அடிக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது, காகிதத்தில் 81 சதவீதம் தாங்கும் அடி சும்மா உட்கார்ந்திருக்கும்.

கொழும்பு_எஞ்சி · 7 மார்ச், பகல் 2:40

அதேதான். அதில ஒரு ஆபத்தும் இருக்கு. அடியில சேறு கிடந்தாலும் வேலைச் சுமையில ஒண்டும் தெரியாது. உராய்வே தாங்கிப்போடும். ஒண்டரை மடங்கு, 6750-க்குச் சோதனை செய்தால்தான் 5365-ஐத் தாண்டின பிறகு மடமடவென்று இறங்கும். நான் ஒரு பைலில அப்படிக் கண்டனான். சோதனை வளைவு முதலில நேர்கோடு, பிறகு படிக்கட்டு மாதிரி விழுந்தது, பிறகு திரும்பவும் பிடிச்சுது. சேறு நசுங்கி அடி பாறையில போய் இருந்திட்டுது.

ரிக்கண்ணன் · 7 மார்ச், இரவு 8:15

இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் ஃபார்முலாவில் போய்விட்டீர்கள். தோண்டி முடித்ததும் நூலில் குண்டு கட்டி ஆழம் பாருங்கள். கம்பிக் கூடு இறக்கி, கான்கிரீட் ஊற்றும் ட்ரெமி குழாய் இறக்கி, கான்கிரீட் வண்டி வந்ததும் மறுபடி பாருங்கள். குண்டு பாறையில் விழுந்தால் டக்கென்று கைக்குத் தெரியும். சேற்றில் விழுந்தால் தலையணையில் விழுந்த மாதிரி இருக்கும். முப்பது வருடமாக இதுதான் என் மெஷின்.

பென்டோனைட் களிமண் கரைசல் போட்டிருந்தால் சுவரிலும் கேக் மாதிரி ஒட்டும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கான்கிரீட் போட்டால் உங்கள் 1.42 எல்லாம் காகிதத்தில்தான்.

சாக்கெட்_சந்தேகி · 9 மார்ச், இரவு 10:30

அண்ணே, செய்தேன். முதல் பைல். தோண்டி முடித்ததும் 12.00 மீட்டர். ஐந்து மணி நேரம் கழித்து, கான்கிரீட்டுக்கு முன்னால் 11.86. பதினான்கு சென்டிமீட்டர் சேறு! கான்கிரீட் வண்டி வெளியே நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் என்னை முறைக்கிறார்கள். ஏர் லிஃப்ட் போட்டு முக்கால் மணி நேரம் சுத்தம் செய்த பிறகு 11.98. குண்டு விழும் சத்தமே வேறு, நீங்கள் சொன்ன டக்.

3 மீட்டர் பேச்சு எங்கே போயிற்று என்றால், அடியை முழுக்க விட்டுவிட்டு உராய்வை மட்டும் ஆறால் வகுத்து நம்பினால் எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். மேலே விடும் 30 செ.மீ. போக 6.04 மீட்டர். உராய்வை விட்டத்தைப் போல ஆறு மடங்கு ஆழத்துக்கு மேல் எண்ணக் கூடாது என்று வேறு இருக்கிறது, அதையும் தாண்டுகிறது. ஆக 3 மீட்டர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அந்த ஆளிடம் கேட்டேன். “அனுபவம்” என்றார்.

கோர்பெட்டி · 10 மார்ச், காலை 8:00

அவரை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயம் நியாயமானது, காரணம் தவறாகச் சொல்கிறார். 82-ம் 55-ம் பைலுக்குப் பக்கத்திலுள்ள பாறையைத்தான் சொல்கின்றன. உங்கள் போர்லாக் 12.0-இல் முடிகிறது, பைலும் 12.0-இல் முடிகிறது. அடிக்குக் கீழே என்ன?

பல வருடம் முன்னால் பல்லாவரம் பக்கம் ஒரு கட்டடம். அந்த ஊர்ப் பாறை சார்னோக்கைட், உருண்டை உருண்டையாகச் சிதையும், நடுவில் சிதையாத பாறையாகவே கோளம் மிஞ்சும். ஒரு போரில் 1.8 மீட்டர் கோர், ரெகவரி 95, ஆர்க்யூடி 90, யூசிஎஸ் நூறுக்கு மேல். டிரில்லர் சந்தோஷமாக மூட்டை கட்டிவிட்டார். சந்தேகத்தில் இன்னொரு ரன் போகச் சொன்னோம். தண்ணீர் பழுப்பாகத் திரும்பியது, அடுத்த ஒன்றரை மீட்டர் களிமண். அந்த 90 ஆர்க்யூடி ஒரு உருண்டைக் கல்லின் ஆர்க்யூடி.

இன்னொன்று, செங்குத்தாக இறங்கும் போர் செங்குத்து விரிசலைப் பார்க்கவே பார்க்காது. இரண்டு விரிசலுக்கு நடுவே இறங்கிவிட்டால் 100 வரும்.

சாக்கெட்_சந்தேகி · 10 மார்ச், காலை 8:20

வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு பைலிலாவது அடிக்குக் கீழே 3 மீட்டர் துளைத்துப் பார்க்கப் புரோப் போடச் சொல்கிறேன்.

வீடு_கட்டுகிறேன் · 10 மார்ச், காலை 11:00

எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் தினமும் வந்து படிக்கிறேன். மேஸ்திரியிடம் ஆர்க்யூடி கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

சாக்கெட்_சந்தேகி · 15 மார்ச், இரவு 9:00

நான்கு தூணில் புரோப் முடிந்தது. மூன்றில் 3 மீட்டரும் ஒரே வேகம், சாம்பல் நிறத் துகள். நான்காவதில் அடிக்கு 70 செ.மீ. கீழே ராடு சடக்கென்று இறங்கியது, 35 செ.மீ. வரை, தண்ணீர் பழுப்பு. கோர் எடுத்துப் பார்த்தோம். உருண்டைக் கல் இல்லை, சாய்ந்த விரிசல் வழியாக உதிர்ந்த களிமண் பட்டை. அதற்குக் கீழே மறுபடி நல்ல பாறை, ரெகவரி 90.

அந்தத் தூணின் பைல்களை மட்டும் பட்டையைத் தாண்டி இறக்கிவிட்டோம். மற்றவை 1.5-இலேயே நிற்கின்றன. பாயின்ட் லோட் 14 துண்டுக்குச் செய்ததில் மாற்றி எடுத்த யூசிஎஸ் சராசரி 31, மாணவர் சொன்னது சரி. மொத்தம் 4714, தேறுகிறது.

மண்ணியல்_மாணவன் · 15 மார்ச், இரவு 9:30

பாயின்ட் லோட் எண்ணை யூசிஎஸ்ஸாக மாற்ற எத்தனையால் பெருக்கினீர்கள்? 24 என்றால் நைஸுக்கு அது சரியா? வரிப்படலத்துக்கு நெடுக்கே அழுத்தினீர்களா குறுக்கேயா?

சாக்கெட்_சந்தேகி · 15 மார்ச், இரவு 9:50

22. திசை லேப் தாளில் இல்லை. நாளை கேட்கிறேன்.

ரிக்கண்ணன் · 16 மார்ச், காலை 5:55

அந்த நாலாவது தூணில் கூடுதலாக இறக்கியதற்கு மீட்டர் கணக்கில் யார் பணம் தருவது? அதை ஆர்க்யூடி சொல்லுமா?

சாக்கெட்_சந்தேகி · 16 மார்ச், காலை 7:10

மண்டையில் அடிக்காதீர்கள் அண்ணே. அதற்குத்தான் பத்து மணிக்கு மீட்டிங்.